28 பக்க அறிக்கையில் இரண்டு பக்கம் மட்டும் படுக்கையாக வேண்டும், அச்செடுத்தால் கூத்தாகிறது

மாலா, தெம்பனிஸ் | புதன், இரவு 9.40

எங்கள் வட்டார வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை. மொத்தம் 28 பக்கம், வேர்டில் செய்தது. 17ஆம் பக்கத்தில் வரவு, 18இல் செலவு. இரண்டும் பன்னிரண்டு மாதத்துக்கான அட்டவணை. நிமிர்ந்த பக்கத்தில் எண்கள் நசுங்கி, ஒரே தொகை இரண்டு வரியாக உடைகிறது. அந்த இரண்டு பக்கத்தை மட்டும் படுக்கையாக வைக்கலாம் என்று நினைத்தேன்.

அட்டவணைக்கு முன்னாலும் பின்னாலும் Ctrl+Enter தட்டிப் பக்கத்தைப் பிரித்துவிட்டு Landscape கொடுத்தேன். 28 பக்கமும் படுத்துக்கொண்டது. அப்புறம் யாரோ சொல்லி Section Break போட்டேன், சரியாக வந்தது. நடுவில் ஒரு வெற்றுப் பக்கம் தெரிந்ததால் ஏதோ ஒரு கோட்டை அழித்தேன். உடனே முதல் 16 பக்கமும் படுத்துவிட்டது. Ctrl+Z போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இனிமேல் எதையும் தொடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். 40 பிரதி, இருபக்க அச்சு, இடது ஓரத்தில் ரிங் பைண்டிங். யாராவது வழி சொல்லுங்கள்.

சேகர், ஜூரோங் | இரவு 9.52

வேர்டோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? அப்படியே பிடிஎஃப் ஆக்குங்கள். பிடிஎஃப்பில் 17, 18 இரண்டையும் சுழற்றிச் சேமியுங்கள். இரண்டு நிமிட வேலை. நான் ஆபீசில் அப்படித்தான் செய்கிறேன்.

மாலா, தெம்பனிஸ் | இரவு 10.05

சுழற்றிப் பார்த்தேன் சேகர். அட்டவணை பக்கவாட்டில் படுத்துக்கொண்டதே தவிர நசுங்கல் அப்படியேதான் இருக்கிறது. இப்போது கழுத்தைச் சாய்த்து நசுங்கிய எண்களைப் படிக்க வேண்டும்.

காகிதப்புலி | இரவு 10.31

சேகர் சொன்னது வேறொரு நோய்க்கான மருந்து. ஸ்கேன் செய்த பக்கம் தலைசாய்ந்து வந்திருந்தால் பிடிஎஃப்பில் சுழற்றினால் போதும். மாலாவுக்கு வேண்டியது அகலம். பிடிஎஃப்பில் சுழற்றும்போது பக்கம் ஒரு படம் போலத் திரும்புகிறது, உள்ளே எந்த எழுத்தும் இடம் மாறாது. அகலம் வேண்டுமானால் வேர்டிலேயே பக்கத்தின் அமைப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம் விட்டால், நிமிர்ந்த பக்கத்தில் எழுதக் கிடைப்பது 159 மி.மீ. தலைப்புப் பத்திக்கு 35 போனால், பன்னிரண்டு மாதமும் கூட்டுத்தொகையும் சேர்ந்து பதின்மூன்று பத்திக்கு ஆளுக்கு ஒன்பதரை மி.மீ.தான். '1,250.00' என்ற தொகைக்கு 9 புள்ளி எழுத்தில் பதினொரு மி.மீ. வேண்டும், கட்டத்தின் உள் இடைவெளி தனி. உடையாமல் என்ன செய்யும்? படுக்கையாக வைத்தால் 246 மி.மீ. கிடைக்கும். ஒரு பத்திக்கு 16 மி.மீ. வரும். உட்கார்ந்துவிடும்.

அடுத்து, நீங்கள் அழித்த கோடு. வேர்டில் ஒரு பிரிவின் அமைப்பு முழுவதும், அதாவது தாள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஓரம் எவ்வளவு என்பதெல்லாம், அந்தப் பிரிவின் முடிவில் இருக்கும் Section Break கோட்டில்தான் இருக்கிறது. கோட்டை அழித்தால் மேலே இருக்கும் எழுத்து கீழே இருக்கும் பிரிவோடு சேர்ந்து அதன் குணத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் 16ஆம் பக்கக் கடைசியில் இருந்த கோட்டை அழித்திருக்கிறீர்கள். அதனால் முதல் பதினாறு பக்கமும் அட்டவணையின் குணத்தைப் பிடித்துக்கொண்டது. 18க்குப் பின்னால் இருக்கும் கோட்டை அழித்திருந்தால் நேர் எதிராக, அட்டவணை இரண்டும் நிமிர்ந்திருக்கும். வேர்ட் பைத்தியம் இல்லை, வேறொரு தர்க்கத்தில் ஓடுகிறது.

Ctrl+Shift+8 அடியுங்கள். மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் தெரியும். இப்போது இரண்டு Section Break (Next Page) கோடு மட்டும் இருக்க வேண்டும். முன்பு Ctrl+Enter தட்டி வைத்த Page Break இரண்டும் இன்னும் அங்கேயே இருக்கும். அந்த வெற்றுப் பக்கம் அவற்றில் ஒன்றின் வேலை. அழிக்க வேண்டியது அதைத்தான்.

மாலா, தெம்பனிஸ் | இரவு 10.58

அண்ணே, இரண்டு Page Break அங்கேயே உட்கார்ந்திருந்தது! அழித்தேன், வெற்றுப் பக்கம் போய்விட்டது. ஆனால் பக்கம் படுத்த பிறகும் அட்டவணை பழைய அகலத்திலேயே இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறதே?

காகிதப்புலி | இரவு 11.04

அட்டவணைக்குப் பக்கம் அகன்ற செய்தி போகாது. அட்டவணைக்குள் கர்சரை வைத்து, வலது கோடியில் வரும் Layout தாவலில் AutoFit > AutoFit Window கொடுங்கள். பிறகு முதல் பத்தியை மட்டும் கையால் இழுத்து அகலமாக்குங்கள். மற்ற பதின்மூன்றையும் தேர்ந்தெடுத்து Distribute Columns.

நஸீரா, உட்லண்ட்ஸ் | வியாழன், காலை 7.15

எம்ஆர்டியில் போகும்போது படித்தேன். என் கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவின் மருத்துவ அறிக்கை எட்டுப் பக்கம் ஸ்கேன் செய்தேன். இரண்டு பக்கம் பக்கவாட்டில் வந்தது. அடோபி ரீடரில் திறந்து சுழற்றி, நேராக்கி, அண்ணனுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். 'இதை எப்படிப் படிப்பது, தலைகீழாக நிற்கவா' என்று கேட்கிறார். என் கணினியில் நேராகத்தானே இருந்தது?

காகிதப்புலி | காலை 8.20

நஸீரா, மாலாவின் கேள்வி வேறு. ஆனால் உங்களுக்குத்தான் சேகரின் மருந்து பொருந்தும். நீங்கள் செய்தது Rotate View. பெயரிலேயே இருக்கிறது, அது பார்வையை மட்டும் திருப்பும். கோப்பில் எதுவும் மாறாது. அச்சிலும் மாறாது. கோப்புக்குள் ஒவ்வொரு பக்கத்துக்கும் `/Rotate` என்று ஒரு குறிப்பு உண்டு. 0, 90, 180, 270 என்று கடிகாரச் சுற்றில் எழுதப்படும். அதை மாற்றிச் சேமித்தால்தான் அடுத்தவர் திரையிலும் பக்கம் திரும்பும். இலவச ரீடரில் அந்த வேலை இல்லை. காசு கொடுத்து வாங்கும் அக்ரோபாட்டில் Organize Pages பகுதியில் இருக்கிறது.

கோமதி டீச்சர் | காலை 8.41

மேக் இருந்தால் காசும் வேண்டாம். பிரிவியூவில் திறந்து, ஓரத்தில் வரும் சிறுபடங்களில் சாய்ந்த பக்கங்களை மட்டும் தேர்ந்தெடுத்து Cmd+R அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும், Cmd+L என்றால் இடப்பக்கம். சேமித்தால் சேமித்ததுதான். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிப் பிள்ளைகளின் ஒப்படைப்புகளை இப்படி நேராக்கிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நஸீரா, உட்லண்ட்ஸ் | காலை 9.02

மகளிடம் மேக் இருக்கிறது. நன்றி டீச்சர், நன்றி அண்ணே. மாலா, குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும்.

மாலா, தெம்பனிஸ் | மாலை 7.30

மன்னிப்பெல்லாம் எதற்கு அக்கா.

வேர்டில் இப்போது எல்லாம் அழகாக இருக்கிறது. பிடிஎஃப் ஆக்கினேன், திரையில் 17உம் 18உம் படுக்கையாகத் தெரிகின்றன. இன்று மதியம் வீட்டுப் பக்கத்தில் ஒரு நகல் கடையில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். இருபக்க அச்சு. 17இல் அட்டவணை தாளின் நடுவில் சின்னதாக, மேலும் கீழும் வெள்ளையாக வந்தது. சொன்னதும் கடைப் பையன் எதையோ மாற்றி மறுபடி எடுத்தான். இந்த முறை முழு அளவில் வந்தது. ஆனால் 17ஐப் படிக்கத் தாளை ஒரு பக்கம் திருப்ப வேண்டும், 18க்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். 'ஃபைல் அப்படி இருக்கு' என்கிறான் பையன். ஃபைலில் என்ன தப்பு?

சேகர், ஜூரோங் | மாலை 7.44

இது எனக்குத் தெரியும். இருபக்க அச்சில் Flip on long edge என்று இருக்கும். படுக்கைப் பக்கத்துக்கு Flip on short edge வேண்டும். மாற்றிப் பாருங்கள்.

காகிதப்புலி | இரவு 8.50

பாதி சரி சேகர். எல்லாப் பக்கமும் படுக்கையாக இருக்கும் ஆவணத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இங்கே 26 பக்கம் நிமிர்ந்தவை. short edge கொடுத்தால் அந்த இரண்டைக் காப்பாற்றப் போய், மற்ற எல்லாத் தாளிலும் பின்பக்கம் தலைகீழாகிவிடும்.

ஃபைலில் தப்பு இல்லை மாலா. அச்சு இயந்திரம் முடிவெடுக்க இடம் விட்டதுதான் தப்பு. நான் இந்த மாதிரி கவுண்டருக்குப் பின்னால் பத்தொன்பது வருடம் நின்றவன். பிராஸ் பசா பக்கம் ஆண்டறிக்கை, ஆய்வேடு என்று வராத நாள் இல்லை. வாடிக்கையாளர் பாதிப் பேருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு: தட்டில் இருக்கும் தாள் ஒருபோதும் திரும்பாது. 28 பக்கத்துக்கும் தாள் ஒரே மாதிரிதான் உள்ளே போகும். படுக்கைப் பக்கம் வந்தால் மென்பொருள் இரண்டில் ஒன்றைச் செய்யும். பக்கத்தை அப்படியே வைத்துத் தாளின் அகலத்துக்குள் சுருக்கும். 297ஐ 210க்குள் அடக்க வேண்டும், அதாவது 71 விழுக்காடு. உங்கள் முதல் பிரதியில் வந்த சின்ன அட்டவணை அதுதான். இல்லாவிட்டால் பக்கத்தைக் கால் சுற்று திருப்பித் தாளில் பொருத்தும். வலமா, இடமா? அதை டிரைவர் முடிவு செய்யும். இருபக்கம் என்றால் பின்பக்கத்தை வேறு மாதிரி திருப்பும் டிரைவர்களும் உண்டு. உங்கள் இரண்டாவது பிரதி அப்படி வந்ததுதான்.

எனவே அச்சுக்கென்று தனியாக ஒரு கோப்பு செய்யுங்கள். அதில் 17, 18 இரண்டையும் இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பிச் சேமியுங்கள். திரையில் பார்த்தால் 28 பக்கமும் நிமிர்ந்தே இருக்கும், அட்டவணை மட்டும் பக்கவாட்டில் கிடக்கும். பார்க்க விகாரம்தான். ஆனால் இயந்திரத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே வடிவம். திருப்பவோ சுருக்கவோ அதற்கு வேலையே இல்லை. long edge, Actual size கொடுத்து எடுத்தால் எந்தக் கடையிலும் ஒரே மாதிரி வரும்.

கட்டளை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு qpdf இலவசம்:

```
qpdf arikkai.pdf arikkai-print.pdf --rotate=-90:17-18
```

கழித்தல் குறி இடப்பக்கம். தெரியாவிட்டால் டீச்சரின் Cmd+L இதே வேலையைச் செய்யும். மின்னஞ்சலில் உறுப்பினர்களுக்கு அனுப்பப் பழைய கோப்பு, கடைக்கு இந்தப் புதுக் கோப்பு. மாற்றி அனுப்பிவிடாதீர்கள்.

சேகர், ஜூரோங் | இரவு 9.03

அப்படியென்றால் நான் முதலில் சொன்ன மாதிரி பிடிஎஃப்பில் சுழற்றுவதுதானே கடைசியில் வந்து நிற்கிறது 😄

காகிதப்புலி | இரவு 9.10

நீங்கள் திரையில் நேராக்கச் சுழற்றச் சொன்னீர்கள். நான் திரையில் சாய்க்கச் சொல்கிறேன். சரி, பாதி மார்க் உங்களுக்கு.

கோமதி டீச்சர் | இரவு 9.26

ஏன் இடப்பக்கம் என்றும் சொல்லிவிடுங்களேன். நூலில் குறுக்கு அட்டவணை வந்தால் அதன் தலை பைண்டிங் பக்கம் இருக்க வேண்டும் என்பது நான் படித்த பழைய வழக்கம். புத்தகத்தை வலமாகத் திருப்பினால் படிக்கலாம். 17 ஒற்றைப்படை, வலக்கைப் பக்கம், பைண்டிங் அதன் இடது ஓரத்தில் இருக்கும். இடப்பக்கம் திருப்பினால் அட்டவணையின் தலை அங்கே போய்ச் சேரும். சரி. ஆனால் 18 இடக்கைப் பக்கம். அங்கே பைண்டிங் வலது ஓரம். அதையும் இடப்பக்கமே திருப்பினால் தலை வெளி ஓரத்துக்குப் போகிறதே. 18ஐ வலப்பக்கம் திருப்புவதுதானே முறை?

காகிதப்புலி | இரவு 9.48

டீச்சர் சொல்வதுபோல் செய்யும் ஆட்களும் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால் மாலா இன்று மதியம் புலம்பிய அதே நிலைமைதான்: வரவைப் பார்க்கப் புத்தகத்தை ஒரு பக்கம், செலவைப் பார்க்க மறுபக்கம் திருப்ப வேண்டும். அடுத்தடுத்து வரும் குறுக்குப் பக்கம் எல்லாம் ஒரே திசையில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இடப்பக்கம் திருப்பிய 18இல் தலை வெளியே இருக்கும், அடி பைண்டிங்கில் இருக்கும். படிப்பவர் கை ஒரே திசையில் ஒரு முறைதான் திரும்பும்.

கோமதி டீச்சர் | இரவு 9.55

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. தலை முதுகில் இருப்பதுதான் லட்சணம்.

மாலா, தெம்பனிஸ் | வெள்ளி, மாலை 6.50

காகிதப்புலி அண்ணன் சொன்னபடி செய்து ஒரு பிரதி எடுத்தேன். அளவு சரி, இரண்டையும் ஒரே திசையில் படிக்க முடிகிறது. கடைப் பையன்கூட எதுவும் கேட்கவில்லை. ஆனால் பைண்டிங் போட்டதும் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. 18ஆம் பக்கத்தின் பக்க எண் ரிங் ஓட்டைக்குள் போய்விட்டது. 17இல் எண் வலது ஓரத்தில் பக்கவாட்டில் நிற்கிறது, அது பரவாயில்லை.

காகிதப்புலி | இரவு 7.35

இதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தலை, அடி பற்றி டீச்சரோடு வாதாடியதில் மறந்துவிட்டேன்.

18இன் அடி பைண்டிங்கில் இருக்கிறது. வேர்ட் பக்க எண்ணை விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1.25 செ.மீ. தள்ளி வைக்கும். ரிங் ஓட்டை விழும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். அதேபோல 17இன் தலை பைண்டிங்கில் இருப்பதால் அங்கே மேல் ஓரம் குறைவாக இருந்தால் அட்டவணைத் தலைப்பையும் ஓட்டை தின்னும். அந்தப் பிரிவுக்கு மட்டும் மேல், கீழ் இரண்டு ஓரத்தையும் 3 செ.மீ. ஆக்குங்கள்.

பக்க எண்ணை அட்டவணையின் இடது விளிம்புக்கு நகர்த்துங்கள். இடப்பக்கம் திருப்பிய பிறகு அட்டவணையின் இடது விளிம்புதான் தாளின் அடிப்பக்கம். 17, 18 இரண்டிலும் அப்படியே. எண் மற்றப் பக்கங்களைப் போலவே தாளின் கீழே நடுவில், நிமிர்ந்து நிற்கும்.

வரிசை முக்கியம். முதலில் 17ஆம் பக்க அடிக்குறிப்புப் பகுதிக்குள் இரட்டைக் கிளிக் செய்து Link to Previous ஐ அணையுங்கள். பிறகு 19ஆம் பக்கத்துக்குப் போய் அங்கேயும் அணையுங்கள். இரண்டையும் அணைக்கும் முன் எதையும் தொடாதீர்கள். ஒன்றை விட்டாலும், 17இல் செய்வது 1 முதல் 16 வரையோ 19 முதல் 28 வரையோ பரவிவிடும். அடுத்து 17இல் பழைய எண்ணை அழித்து, அடிக்குறிப்புக்குள் இருந்தபடியே ஒரு Text Box வரைந்து, அதை இடது ஓரத்தின் நடுவில் வையுங்கள். அதற்குள் Page Number > Current Position. பிறகு Text Direction > Rotate all text 90°. திரையில் எண் வலப்பக்கம் சாய்ந்து தெரியும். அதுதான் சரி. பெட்டியின் கோட்டையும் நிறத்தையும் எடுத்துவிடுங்கள்.

19ஆம் பக்கம் திடீரென்று 1 என்று ஆரம்பித்தால் Format Page Numbers இல் Continue from previous section தேர்ந்தெடுக்க வேண்டும்.

சும்மா வந்தவன் | இரவு 8.12

இத்தனை பாடு எதற்கு? ஏ3 தாளில் அச்சடித்து மடித்து வைத்துவிடலாமே. எங்கள் அப்பா கோயில் கணக்கை அப்படித்தான் வைப்பார்.

காகிதப்புலி | இரவு 8.20

நாற்பது பிரதிக்கும் கையால் மடிக்க ஆள் அனுப்புங்கள், நல்ல யோசனைதான்.

கோமதி டீச்சர் | இரவு 8.33

மாலா, இன்னொரு சுலப வழி. 17க்குப் பின்பக்கத்தை வெற்றாக விட்டு, செலவை 19இல் வைத்தால் இரண்டுமே வலக்கைப் பக்கம். இரண்டின் தலையும் பைண்டிங்கில். என் லட்சணமும் கெடாது, அவர் கட்சியும் தோற்காது, ஓட்டையும் எண்ணைத் தின்னாது. ஒரு தாள் கூடும், அவ்வளவுதான்.

காகிதப்புலி | இரவு 8.41

இதற்கு நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை. ஆனால் வரவுக்கும் செலவுக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பக்கம் வந்தால் கூட்டத்தில் யாராவது 'அங்கே என்ன மறைத்தீர்கள்' என்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலா, தெம்பனிஸ் | சனி, காலை 10.15

பொருளாளரிடம் கேட்டேன். வெள்ளைப் பக்கம் கூடவே கூடாது என்றார், அண்ணன் சொன்ன அதே காரணம்! அதனால் Text Box வழியிலேயே போனேன். 19இல் Link to Previous அணைக்க மறந்து, கடைசிப் பத்துப் பக்கத்துக்கும் எண் இடது ஓரத்தில் சாய்ந்து நின்றது. Ctrl+Z போட்டு, மறுபடி வரிசைப்படி செய்தேன்.

பிறகு பிடிஎஃப், பிறகு 17, 18ஐ இடப்பக்கம் திருப்பினேன். மேக் இல்லை, அதனால் தம்பி அந்த ஒரு வரிக் கட்டளையை அடித்துக் கொடுத்தான். இப்போது கடையில் வரிசையில் நிற்கிறேன். மாதிரிப் பிரதி கையில் இருக்கிறது. எண் கீழே நடுவில், ஓட்டைக்கு வெளியே. மீதி 39 ஓடிக்கொண்டிருக்கிறது.

சேகர், ஜூரோங் | காலை 10.40

என் ஆபீஸ் பிரிண்டரில் அந்த மாதிரி திருப்பிய கோப்பைப் போட்டாலும் 18 மட்டும் தலைகீழாக வருகிறது. long edge தான், Actual size தான். என்ன காரணம்?

காகிதப்புலி | காலை 11.15

எதிலிருந்து அச்செடுக்கிறீர்கள், உலாவியிலிருந்தா ரீடரிலிருந்தா? டிரைவரில் Rotate 180 மாதிரி ஏதாவது யாராவது டிக் செய்து வைத்திருக்கிறார்களா? 17, 18 இருக்கும் அந்த ஒரு தாளை மட்டும் ரீடரிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சேகர், ஜூரோங் | காலை 11.22

உலாவியிலிருந்துதான். திங்கட்கிழமை ஆபீஸ் போய்த்தான் ரீடரில் பார்க்க முடியும்.